பனிக்குள் நின்றவள்

செத்துப்போன மகனின் படத்தில் பனி இருக்கக்கூடாது என்று முதலில் சொன்னவர் ஆதிமூலம்தான். அந்த ஒரு வார்த்தையை அவர் விட்டிருந்தால் பிரின்சி யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது வீரமணியின் ஸ்டுடியோ. படம் எடுப்பது வீரமணி. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்வது பிரின்சி. கல்யாண ஆல்பம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே அவள் மேசைக்கு வந்துதான் போகும். பருவை எடுப்பாள், தொப்பையைக் குறைப்பாள், கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவைக்கூட வந்த மாதிரி நிற்க வைப்பாள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கைபட்ட சிரிப்பு.

அன்று பகல் படியேறி வந்தவர்கள் வடக்கனந்தல் ஆதிமூலமும் அவர் மனைவி லட்சுமியம்மாளும். மகன் அறிவுச்செல்வன் தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காரியத்துக்குள் ஒரு படம் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து மாட்ட வேண்டும். ஆதிமூலம் சட்டைப்பையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து வீரமணியிடம் கொடுத்தார். மகனின் சிநேகிதன் பிரவீன்குமார் கொடுத்ததாம்.

பிரின்சி கார்டை வாங்கிச் சொருகினாள். இவர்கள் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிரவீன்குமார் காலையிலேயே போனில் சொல்லியிருந்தான். "அந்த மலைப் படத்தத்தான் குடுத்துருக்கேன். அதுலதான் நீ இல்ல" என்று.

அதில்தான் அவள் இருந்தாள்.

அறிவுச்செல்வனும் அவளும் இரண்டு வருடமாகப் பழகினார்கள். அவன் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடையில் வேலை பார்த்தான். ஆதிமூலத்தின் சாதிக்கும் பிரின்சியின் மாதா கோயிலுக்கும் நடுவே என்னென்ன வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். சேர்ந்து படம் எடுப்பதில்லை. அவள் அண்ணன் மார்ட்டின் போனைப் பிடுங்கிப் பார்க்கிற ரகம் என்பதால் அறிவுச்செல்வன் தனியாக இருக்கிற படத்தையும் அவள் வைத்துக்கொள்வதில்லை. எங்கேயாவது காமிரா வெளியே வந்தால் அவள் விலகிப் போய்விடுவாள். ஒரு படம் எத்தனை கைக்குப் போகும் என்று ஸ்டுடியோவில் வேலை செய்கிறவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

மார்கழியில் ஒருநாள் பிரவீன்குமார் புதிதாக வாங்கிய காமிராவோடு மூன்று பேரும் கல்வராயன் மலைக்குப் போனார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைக்குப் போகிற சாலையில் ஒரு வளைவு. பனி அப்படி இறங்கியிருந்தது. அறிவுச்செல்வனை மைல்கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பிரவீன்குமார் காமிராவைத் தூக்கியதும் வழக்கம்போல் அவள் நடந்தாள். சாலையோரத்தில் வரிசையாக மரங்கள். முதல் மரத்தைத் தாண்டினாள், இரண்டாவதைத் தாண்டினாள், மூன்றாவதன் அருகில் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவனே அவளுக்குத் தெரியவில்லை. அவனைத் தனக்குத் தெரியாவிட்டால் தன்னையும் காமிராவுக்குத் தெரியாது என்று நின்றுகொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். தினமும் பனியையும் புகையையும் திரையில் பார்க்கிறவள் செய்யலாமா அந்தத் தப்பை? செய்தாள்.

படம் திரையில் விரிந்தது. அறிவுச்செல்வன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் எல்லாம் வெளுப்பு. லட்சுமியம்மாள் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தார். அழவில்லை. பிரின்சியும் அழவில்லை. செய்தி வந்த நாளில் கூட அவள் ஒரு வளைகாப்பு ஆல்பத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அம்மா உபகாரமேரி போட்ட சோற்றைச் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், படுத்தாள். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதே இல்லை என்று தோன்றுமே, அந்த மாதிரி அவளுக்கு உடம்பு முழுக்க இருந்தது.

"இன்னா தம்பி இது, ஒரே பொகையா கீது? வூட்டுல மாட்டுற படம். பளிச்சுனு வேணாமா? இந்தப் பனிய எடுத்துடு" என்றார் ஆதிமூலம்.

"ஒரு நிமிசம்ங்க ஐயா" என்று வீரமணி பிரின்சியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸைப் பிடித்தான். பனியை விலக்குவதற்கென்று திரையோரத்தில் ஒரு இழுபட்டை இருக்கிறது. அதை வலப்பக்கம் இழுத்தான். தூரத்தில் பனி ஒன்றோடொன்று கலந்து வைத்திருந்த சாம்பல் நிறங்களை அது பிரித்து விரித்தது. முதல் மரம் கறுத்தது. இரண்டாவது மரத்துக்குக் கிளை வந்தது. மூன்றாவது மரம் வந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண்ணும் வந்தாள்.

முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் வெளிறிய புள்ளி. ஆனால் பெண் என்பது தெரிந்தது, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்பதும் தெரிந்தது.

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரது?" என்றார் ஆதிமூலம். பிறகு தானே பதிலும் சொன்னார். "யாரோ போறவ வர்றவ. அத எடுத்துடு. பனி இருந்தா இருந்துட்டுப் போவுது, பழையபடியே வுட்டுடு. இவ இருக்கக் கூடாது."

"தூரத்துலதானங்க ஐயா, பனியத் திருப்பி வுட்டா தெரியாது" என்றான் வீரமணி.

"தெரிஞ்சிபோச்சில்ல? இனிமே என் கண்ணுக்குத் தெரியும். காரியத்துக்கு ஊரே வரும். பொண்ணு இலக்கியாவுக்குப் பேசிக்கினு கீறோம். ஊர் வாய மூட ஒலமூடி இருக்குதா? எடுத்துடு தம்பி."

லட்சுமியம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வீரமணி தானே செய்து பார்த்தான். முதலாளி அல்லவா, வந்தவர் முன்னால் கை காட்ட வேண்டாமா? பழையபடி பனியோடு இருக்கிற படத்தை எடுத்து, அவளைச் சுற்றி ஒரு கோடு போட்டு, நிரப்பு என்று கம்ப்யூட்டரிடம் சொன்னான். அது பக்கத்தில் அகப்பட்ட முதல் மரத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வந்து ஒட்டியது. வெளுத்த தூரத்தின் நடுவே கன்னங்கரேல் என்று ஒரு கட்டை நின்றது. அதை அழித்துவிட்டு, அவள் நின்ற சாம்பல் நிறத்தையே சுற்றிலும் பூசினான். இப்போது ஆள் இல்லை, ஆள் உயரத்துக்கு ஒரு கறை இருந்தது.

"பொம்பள போயி பேய் வந்து நிக்குது" என்றார் ஆதிமூலம்.

வீரமணி எழுந்தான். "இது பொறுமையா பண்ற வேலைங்க ஐயா. பிரின்சி பாத்துக்கும். நாளைக்கி வாங்க."

ஆதிமூலம் எழுந்திருக்கவில்லை. "அந்த ஒரிஜினலு எங்கியும் இருக்கக் கூடாது. பிரவீன் கிட்ட இருக்கறத அழிக்கச் சொல்லிடுறேன். வேல முடிஞ்சதும் இங்கயும் அழிச்சிடணும். எங்கண்ணு முன்னால."

"ஆகட்டும்ங்க."

மறுநாள் காலை பிரின்சி தன்னை எடுக்க உட்கார்ந்தாள்.

செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். தலைவலி என்று போயிருக்கலாம். வீரமணி மறுபடி அந்தக் கறையைப் பூசியிருப்பான், அறிவுச்செல்வனின் சிரிப்புக்குப் பின்னால் அது வருடக்கணக்கில் சுவரில் தொங்கியிருக்கும். வேலை மோசமாகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. வேறு எதையும் நினைக்க மனம் வரவில்லை.

பனி எல்லாவற்றையும் ஒரே மாதிரி மறைப்பதில்லை. முதலில் கறுப்பைத்தான் தின்னும். கிட்டே இருக்கிற முள்செடியின் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். முதல் மரத்தின் கறுப்பு சாம்பல். இரண்டாவதன் கறுப்பு அதைவிட வெளுத்த சாம்பல். மூன்றாவதில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். அதற்கப்பால் எல்லாம் பனியின் நிறத்திலேயே கரைந்துவிடும். நிறமும் அப்படியே. அன்று அவள் போட்டிருந்தது நல்ல சிவப்புச் சுடிதார், படத்தில் அது அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆகவே எந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பினாலும், அது எத்தனை தூரத்தில் இருக்கிறதோ அத்தனை பனியைச் சுமக்க வேண்டும்.

வீரமணி செய்த தப்பு அதுதான். அவள் மூன்றாவது மரத்தருகே நின்றாள் என்பதற்காக அவள் இடம் முழுவதையும் அந்தத் தூரத்துச் சாம்பலால் நிரப்பிவிட்டான். அவள் போய்விட்டால் அங்கே தெரியப்போவது அவளுக்குப் பின்னால் இருந்ததல்லவா? காலடியில் சாலை, அது அவள் நின்ற அதே தூரம். இடுப்புக்குப் பின்னால் வளைவின் கைப்பிடிச் சுவர், அது இன்னும் தள்ளி, ஆகவே இன்னும் வெளுப்பு. தலைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு, ஒன்றுமே இல்லை, வெறும் பனி. ஒரே ஆளின் உருவத்துக்குள் மூன்று தூரம்.

காலிலிருந்து தொடங்கினாள். அதே உயரத்தில் இடமும் வலமும் இருந்த சாலையை எடுத்துப் பாதத்தை மூடினாள். கீழேயிருந்தோ மேலேயிருந்தோ எடுத்தால் தூரம் மாறிவிடும். அப்புறம் சுவர். இடப்பக்கம் தெரிந்த சுவரை நீட்டிக்கொண்டு வந்து அவள் இடுப்புக்குப் பின்னால் இணைத்தாள். வளைவில் சுவர் விலகிப் போகப் போக அதன் மேல் மெல்லிசாக வெளுப்பைக் கூட்டினாள். தலைப்பக்கம் வந்தபோது அங்கே இருந்த வெள்ளை வெள்ளையே இல்லை என்று தெரிந்தது. லேசாக நீலம் கலந்து, மேலே போகப் போக வெளிச்சம் கூடியது. பக்கத்து வெளுப்பிலிருந்து நிறத்தை எடுத்து, கீழிருந்து மேலாக ஏற்றி, காமிராவின் பொடிப் புள்ளிகளையும் அதே அளவில் தூவினாள். புள்ளி இல்லாத வெள்ளை துடைத்துவிட்ட இடம் மாதிரிப் பளபளக்கும்.

முகத்தை எடுத்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. மவுஸ் நகர்ந்தது, முகம் போயிருந்தது.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து தள்ளி நின்று பார்த்தாள். ஈரமான தார்ச்சாலையில் அவளுடைய பிம்பம் மட்டும் நீளமாகக் கிடந்தது. ஆளே இல்லாத இடத்தில் ஆளின் பிம்பம். உட்கார்ந்து அதையும் எடுத்தாள்.

சாயங்காலம் ஆதிமூலம் தனியாக வந்தார். வீரமணி அவர் எதிரிலேயே அந்தப் பட்டையைப் பிடித்து வலப்பக்கம் கடைசி வரை இழுத்தான். ஒட்டு வேலையில் குறை இருந்தால் இதில் அகப்பட்டுவிடும். பனி விலகியது. மூன்றாவது மரம் வந்தது, சுவர் வந்தது, சுவருக்குப் பின்னால் ஒன்றுமே வரவில்லை. பிரின்சியும் குனிந்து தேடினாள். அவள் எங்கும் இல்லை.

"யாருமே இருந்த மாதிரி தெரியலியே" என்றார் ஆதிமூலம். முதல் முறையாக அவர் குரல் தளர்ந்தது. "நல்லா பண்ணிக்கீறம்மா."

பிறகு அழிக்கச் சொன்னார். பிரவீன்குமார் தன்னிடம் இருந்ததை முந்தின நாளே அழித்திருந்தான். கார்டில் இருந்தது போயிற்று. கம்ப்யூட்டரில் இருந்தது போயிற்று. வேலை செய்த அடுக்குகளையும் ஒன்றாக்கி, பழையது எதுவும் மிஞ்சாமல் சேமித்தாள். குப்பைத்தொட்டியைக் காலி செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கலாமே, பகல் முழுக்க நேரம் இருந்ததே என்று நமக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை. ஆம் என்று அமுக்கினாள்.

சட்டம் அடித்து வந்த அன்று படத்தை வாங்கிப் போக லட்சுமியம்மாள்தான் வந்தார். பஸ்ஸில் வந்து, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். வீரமணி ஒரு காதுகுத்துக்காக நைனார்பாளையம் போயிருந்தான்.

பிரின்சி காகிதத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டினாள். லட்சுமியம்மாள் மகன் முகத்தைத் தடவினார். விரல் கண்ணாடியில் மெதுவாகப் பின்பக்கம் போனது. முதல் மரம், இரண்டாவது மரம், மூன்றாவது மரம். அங்கேயே நின்றது.

"இங்க ஒரு பொண்ணு இருந்துதே."

"ஐயாதான் எடுக்கச் சொன்னாருங்கம்மா."

"சொன்னாரு, நானுந்தான் கேட்டேன்." விரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தார். "அன்னிக்கி அத டிவியில பாத்ததுலேந்து மனசுக்கு ஒரு இதுவா இருந்துது. எம்புள்ளைக்கினு ஒருத்தி இருந்துருக்கா, கூட நின்னுருக்கான்னு. இப்ப பாரு, தனியா நிக்கிறான். அந்த மலைல இவ்ளோ பனியில ஒத்த ஆளா நிக்கிறான்."

பிரின்சி மேசையில் கிடந்த காகிதத்தின் மடிப்பை நீவினாள்.

"இது அவரு செவுத்துல மாட்டிக்கட்டும். எனக்கு ஒண்ணு சின்னதா போட்டுக் குடு கண்ணு. பொட்டியில வச்சிக்கிறேன். அந்தப் பொண்ணு இருக்கற மாதிரி."

"அது இல்லீங்கம்மா. அழிச்சாச்சு. எங்கயுமே இல்ல."

"திருப்பிக் கொண்டார முடியாதா?"

"முடியாதுங்க."

லட்சுமியம்மாள் தலையாட்டினார். படத்தைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினார், காகிதம் பிரிந்து பிரிந்து வந்தது. பிரின்சி வாங்கிச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, தான் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னாள்.

"வேற யாராச்சும் நின்னா, அவங்கள அந்த எடத்துல வெக்கலாம். அவ்ளோ தூரத்துக்கு யாருன்னு தெரியாதுங்கம்மா."

"யாரு நிப்பா?"

"நான் நிக்கிறேங்க."

லட்சுமியம்மாள் அவளைப் பார்த்தார்.

பிரின்சி ஸ்டுடியோவில் இருந்த இன்னொரு காமிராவை ஸ்டாண்டில் மாட்டினாள். ஸ்டுடியோ விளக்குகளை அணைத்து ஜன்னல்களைத் திறந்தாள். பனியில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், ஒரு பக்கம் நிழல் விழுந்தால் பொய் தெரிந்துவிடும். காமிராவைத் தள்ளி வைத்து, அழுத்த வேண்டிய பொத்தானை லட்சுமியம்மாளுக்குக் காட்டிவிட்டு, எதிர்ச்சுவரில் சாம்பல் திரைக்கு முன்னால் போய் நின்றாள். எப்படி நிற்பது என்று யோசிக்கவில்லை. ஒரு கை தானாகப் போய் இன்னொரு கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

லட்சுமியம்மாள் பொத்தானில் விரலை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்புடித்தான்" என்றார் லட்சுமியம்மாள். "இப்புடித்தான் கையப் புடிச்சிக்கினு நின்னுது."

பொத்தான் அமுங்கியது.

பிரின்சி தன்னை வெட்டி எடுத்து அந்தச் சாலையில் வைத்தாள். வைத்தவுடன் பளிச்சென்று, ஒட்டவே ஒட்டாமல் நின்றாள். மூன்றாவது மரத்தருகே நிற்கிற ஆளின் அளவுக்குச் சிறிதாக்கி, அந்த மரத்தின் கறுப்பு எவ்வளவு வெளுத்திருந்ததோ அவ்வளவுக்குத் தன் கறுப்பையும் வெளுக்க வைத்தாள். முடி சாம்பலானது. நீலச் சுடிதார் நீலம் இழந்தது. முகம் போனது. காலடியில் ஈரத்துக்குள் ஒரு மங்கலான பிம்பம் போட்டாள்.

லட்சுமியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். நல்லெண்ணெய் வாசம் வந்தது.

"ரொம்ப தூரமா கீதே" என்றார். "கொஞ்சம் கிட்ட வரலாமா?"

கிட்டே வருவதென்றால் பெரிதாக்கினால் மட்டும் போதாது. சாலையில் கீழே இறக்க வேண்டும், பனியைக் குறைக்க வேண்டும். பிரின்சி இரண்டாவது மரத்துக்கு வந்தாள். முடி கறுக்க ஆரம்பித்தது.

"இன்னுங் கொஞ்சம்."

முதல் மரம். உடையில் நீலம் எழுந்தது. கை முழங்கையைப் பிடித்திருப்பது தெரிந்தது.

"இன்னும்."

பிரின்சி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "இதுக்கு மேல வந்தா பனி மறைக்காதுங்கம்மா. மூஞ்சி தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்" என்றார் லட்சுமியம்மாள். "அவம் பக்கத்துல கொண்டாந்து நிக்க வையி."

அப்போதுதான் பிரின்சிக்கு அழுகை வந்தது. அவன் செத்ததிலிருந்து வராத அழுகை. திரை தெரியவில்லை, அவன் தெரியவில்லை, மவுஸ் எங்கே இருக்கிறதென்று கை தடவியது. லட்சுமியம்மாள் அவளை ஒன்றும் கேட்கவில்லை. தோளில் போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.